புள்ளி தூர்ந்த செல்வம்

சூளையிலிருந்து வந்த மாதிரிக் கிண்ணத்தில் ‘செலவம’ என்று இருந்தது. அச்சில் வெட்டியது ‘செல்வம்’தான். இரண்டு புள்ளியையும் கிளேஸ் விழுங்கிவிட்டது.

விருத்தாசலம் செராமிக் பட்டறைக்காரர் ஒருவர், எங்கள் கருவேப்பிலங்குறிச்சியைச் சேர்ந்தவர், சித்திரை முதல் நாளுக்குத் தன்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களுக்குச் சின்னக் குங்குமக் கிண்ணம் ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவார். கூடவே ஒரு வாழ்த்துச் சீட்டு. தையா சித்திரையா என்று 2008இல் ஒரு சட்டம் வந்தது, 2011இல் அது போனது. அவர் இரண்டுக்கும் அசரவில்லை, புதுக்கணக்கு சித்திரையில்தான். இந்த முறை கிண்ணத்தின் மேலேயே ஒரு சொல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகத்தான் ஜெயங்கொண்டம் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். மாதிரிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “ஐயா, செல்வம்னு போட்டா செலவுன்னு வருது. புள்ளியில்லாத நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க. பணங்காசு சம்பந்தமா இருக்கணும். கடைக்காரங்களுக்குப் போறது.”

புள்ளி ஏன் போகிறது என்பதை அவரே விளக்கினார். வெள்ளைக் களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் கரைத்த குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அச்சின் சுவரை ஒட்டி மண் தோல்போலக் கட்டுகிறது. போதிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சில் எழுத்து மேடாக இருந்தால் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் பள்ளமாக விழும். மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. எழுத்தும் கூடவே சுருங்குகிறது. அதன்மேல் கிளேஸ் முக்கிச் சுட்டால், அது கண்ணாடியாக உருகி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. ‘ச’வின் கோடு நீளமாக ஓடுவதால் எங்கோ ஓர் இடத்தில் பள்ளம் தெரிந்துகொண்டே இருக்கும். புள்ளி அப்படியல்ல. ஊசிமுனைக் குழி, ஒரு சொட்டு கிளேஸ் போதும், தூர்ந்துவிடும். பஞ்சை நனைத்து எழுத்தின் மேல் மட்டும் கிளேஸைத் துடைத்தெடுத்தால் புள்ளி பிழைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான கிண்ணத்துக்கு யார் உட்கார்ந்து துடைப்பது?

இது பட்டறைக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. ஓலையில் எழுதியவர்களும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். ஆகவே சுவடிகளில் செல்வமும் செலவமாகத்தான் இருந்தது. படிப்பவர் இடம் பார்த்துப் புள்ளியைத் தன் மனத்தில் வைத்துக்கொண்டார். ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இருந்த தலைவலிகளில் இதுவும் ஒன்று. கடைக்காரர்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

சரி, புள்ளியில்லாத சொல். நிதி இருக்கிறது. கிண்ணத்தில் ‘நிதி’ என்று கண்டால் சீட்டுக் கம்பெனி கொடுத்த இனாம் என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் நிதி நிறுவனம் என்றால் பணம் போட்டு இழந்த ஒருவராவது தெருவுக்கு இருப்பார். பேறு இருக்கிறது. அதைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது மகப்பேறு வார்டு. மாடு இருக்கிறது. செல்வம் என்ற பொருளில் வள்ளுவரே ஆண்டிருக்கிறார். மாடுதான் சொத்தாக இருந்த காலத்தின் மிச்சம் அது. பால் சொசைட்டிக்கு அனுப்பினால் பொருந்தும். ஒரு புள்ளியைப் பொறுத்துக்கொண்டால் வெறுக்கை இருக்கிறது, பழைய நூல்களில் அதற்குக் குவிந்த செல்வம் என்று பொருள். இன்றைக்கு அதை வாழ்த்தில் எழுதுகிறவனுக்கு அடிதான் கிடைக்கும்.

மிஞ்சியது திரு. இரண்டே எழுத்து. புள்ளி கிடையாது. கோடுகள் அகலமாக வளைந்து போகின்றன. கிளேஸ் என்ன செய்தாலும் படிக்கலாம்.

திருவை நான் மிச்சத்துக்கு விழுந்த சொல்லாகக் கொடுக்கவில்லை. பெயருக்கு முன்னால் போட்டுப் போட்டு அதன் ஒளி மங்கிவிட்டது, அவ்வளவுதான். பத்திரிகை விலாசத்தில், ரேஷன் அட்டையில், இரங்கல் சுவரொட்டியில் என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடிதத்துக்கு ஓலை என்று சொல்லாமல் திருமுகம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இலக்கணக்காரர்கள் அதை மங்கல வழக்கில் சேர்த்தார்கள். விளக்கை அணை என்னாமல் குளிர வை என்கிறோமே, அந்த இனம். திருக்கோவையாருக்கு உரை எழுதிய பேராசிரியர், திரு என்பதற்குப் பொன் என்றோ பணம் என்றோ பொருள் சொல்லவில்லை. பார்த்தவர்கள் விரும்பும்படி இருக்கிற தன்மை என்கிறார். அதாவது திரு என்பது பெட்டிக்குள் இருப்பதில்லை, வாசலில் தெரிவது. ஒரு கடைக்குள் நுழைந்ததும் சரக்கு நிறைந்து, துடைத்த பலகையும் மலர்ந்த முகமுமாக இருந்தால் ‘களையா இருக்கு’ என்கிறோம். பேராசிரியர் சொன்னதை அதைவிட நன்றாக இன்றைய தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பட்டறைக்காரருக்கு ‘ஆக்கம்’ என்ற சொல்லின் மேல் ஒரு கண். யாரோ சொல்லியிருக்கிறார்கள். புள்ளி இரண்டு இருக்கிறது என்பதைத் தவிர அதில் வேறொரு சிக்கலும் உண்டு. ஆக்கம் என்றால் ஆவது, இல்லாத நிலையிலிருந்து ஒரு நிலைக்கு வருவது. தொல்காப்பியம் சொற்களைப் பற்றிப் பேசும் இடத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. இயல்பாக உள்ள பொருளை இப்படிப்பட்டது என்று சொன்னால் போதும். செய்து மாற்றிய பொருளைச் சொல்லும்போது ‘ஆயிற்று’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். பால் வெள்ளை. மண்ணோ சூளையில் வெந்து வெள்ளையாயிற்று. பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடையாது. ஆனால் வாழ்த்தில் காரணம் சொல்ல இடமில்லை. என்ன செய்து ஆகப் போகிறார் என்று தெரியாமல் ‘ஆக்கம் பெறுக’ என்றால் பாதி வாக்கியம் காணாமல் போன மாதிரி இருக்கிறது. அதனால் ஆக்கத்தைக் கடிந்து ஒதுக்கவில்லை, வியாபாரக் கூட்டத்துப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கிண்ணம் முடிந்தது. சீட்டுதான் நாளெடுத்தது.

அச்சகத்தில் வழக்கமாக ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள். இப்புத்தாண்டில் எல்லா வளமும் நலமும் பெற்று, பதினாறு செல்வங்களும் பெற்று, நீடூழி வாழ்க என்று போகும். இதில் வளம், நலம், செல்வம், செழிப்பு எல்லாம் ஒரே சரக்கின் வேறு வேறு லேபிள் மாதிரி அடுக்கப்படுகின்றன. வளம் நிலத்துக்கும் நீருக்கும் உரியது. நலம் உடம்புக்கும் குணத்துக்கும். செழிப்பு கண்ணுக்குத் தெரியும் பசுமை. பொருள் உழைத்துத் தேடுவது. வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வைத்து ‘செயல்வகை’ என்று தலைப்பிட்டார். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் வாங்குகிறவர் கையில் எதுவும் தங்குவதில்லை.

பதினாறு என்ற கணக்குக்கு வருவோம். பதினாறும் பெற்று என்றால் பதினாறு பிள்ளை என்று கல்யாண வீட்டில் சிரிப்பார்கள், அதை விட்டுவிடலாம். பேறுகள் பதினாறு என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு, எந்தப் பதினாறு என்பதில் இல்லை. காளமேகம் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒரு பட்டியல் தருகிறது. அதில் தனம் தனியாகவும் தானியம் தனியாகவும் எண்ணப்படும். திருக்கடவூர் அபிராமி பட்டர் தம் பதிகத்தில் வேறொரு பட்டியல் தருகிறார். நாள்காட்டிக்குப் பின்னால் அச்சிடும் பட்டியல் மூன்றாவது ரகம். அதில் பொன், பொருள், நிலம் மூன்றும் உண்டு, முயற்சியும் உண்டு.

மூன்றில் எனக்குப் பட்டரின் பட்டியல்தான் பிடிக்கும், காரணம் பக்தி அல்ல, இலக்கணம். அவர் எந்தப் பேற்றையும் வெறுமனே கேட்பதில்லை. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எதிர்மறைப் பெயரெச்சம் நிற்கும். கல்வி வேண்டும், அது கலைந்துபோகக் கூடாது. வயது வேண்டும், அது குறையக் கூடாது. நட்பில் கபடு கூடாது. உடம்பில் பிணி கூடாது. ஒவ்வொரு பேறும் எப்படிக் கெடும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய பட்டியல் அது. சீட்டு எழுதுகிறவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது என்று நினைக்கிறேன். சரக்கு வேண்டும் என்றால் அது என்ன ஆகக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். பீங்கான்காரருக்குக் கேட்கவே வேண்டாம், உடையாத சரக்கு என்பதுதான் அவர் பிழைப்பு.

பட்டரிடம் இன்னொன்றும் கவனித்தேன். பதினாறில் பணம் என்று நேராகச் சொல்லத் தக்கது நிதியம் ஒன்றுதான். வளமையை வேண்டுமானால் கூடச் சேர்க்கலாம். அந்த நிதியத்துக்கு முன்னால் அவர் வைத்திருப்பது கொடை. கொடுப்பதற்குத் தடை வரக் கூடாது என்று முதலில் கேட்டுவிட்டு, அடுத்ததாகத்தான் தீராத நிதியைக் கேட்கிறார். பணம் வந்த பிறகு கொடுப்போம் என்கிற நம்முடைய வரிசைக்கு அது நேர் தலைகீழ்.

இந்த வரிசை பட்டர் கண்டுபிடித்ததில்லை. ஐங்குறுநூற்றின் முதல் பத்தைப் பாருங்கள். மருதத்தைப் பாடிய ஓரம்போகியாருடையது; வேட்கைப் பத்து என்று பெயர். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள வாழ்த்துப் பட்டியல்களில் பழையதும் செட்டானதும் இதுதான் என்பது என் எண்ணம். பத்துப் பாட்டு, பாட்டுக்கு இரண்டு வேண்டுதல். தொடங்குவது நெல்லிலும் பொன்னிலும். அடுத்த பாட்டிலேயே வயல் விளையட்டும் என்று சொல்லிவிட்டு, கூடவே கேட்பது என்ன தெரியுமா? இரவலர் வரட்டும் என்பது. விளைச்சலோடு ஒட்டிக்கொண்டு வருகிற அடுத்த ஆசை, கேட்டு வருகிற ஆள். பின்னால் பாலும் எருதும் வருகின்றன. பசி போக வேண்டும், நோய் தூரப் போக வேண்டும். அரசன் முறை செய்ய வேண்டும், களவு இல்லாமல் இருக்க வேண்டும். கடைசிப் பாட்டில் மழையும் வளமும். பொன்னில் தொடங்கி மழையில் முடிகிறது.

அந்தப் பாட்டுகளில் இதை வேண்டிக்கொள்பவள் தலைவி. பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்த தலைவன், நான் இல்லாதபோது எப்படி இருந்தீர்கள் என்று கேட்கிறான். தோழி பதில் சொல்கிறாள்: அவள் ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டினாள், நாங்கள் வேண்டியது வேறு, நீ ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்று. ஊருக்கான வேண்டுதல் ஒரு வாயிலும், வீட்டுக்கான வேண்டுதல் இன்னொரு வாயிலும் இருக்கிறது. குத்தலும் அதில்தான். வாழ்த்துச் சீட்டில் குத்தல் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது.

ஆனால் நான் பட்டறைக்காரருக்குக் காட்டியது அதன் வினைகளை. நெல் பொலிய வேண்டும். பொன் சிறக்க வேண்டும். பால் ஊற வேண்டும். மழை வாய்க்க வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்த வினையோ அதைத்தான் ஓரம்போகியார் கொடுத்திருக்கிறார். பொலி என்ற சொல் களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். தூற்றிக் குவித்த நெல்லுக்கே பொலி என்று பெயர். அளக்கும்போது பொலி பொலி என்று குரல் எழும். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணுவார்கள். எங்கள் வெள்ளாற்றுக் கரைக் களங்களை இப்போது அறுவடை எந்திரம் எடுத்துக்கொண்டது. லாரியில் கொட்டும் நெல்லைப் பார்த்து யாரும் பொலி சொல்வதில்லை, எடைச் சீட்டைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வினைகளோடு அச்சகத்து வாசகத்தை ஒப்பிட்டால் அதன் ஊனம் எங்கே என்று தெரியும். அதில் ஒரே வினை: பெற்று. வளம் பெற்று, நலம் பெற்று, செல்வம் பெற்று. எல்லாம் எங்கிருந்தோ பார்சலில் வருகிறது, நாம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம். பொருள்கள் தாமாக ஒன்றும் செய்வதில்லை. பால் ஊறுவதில்லை, பயிர் விளைவதில்லை. வியங்கோள் என்பது தமிழில் வாழ்த்துவதற்கும் வைவதற்கும் ஒரே விகுதியோடு நிற்கும் வினை; வாழ்க என்பதும் ஒழிக என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. அவ்வளவு வலுவுள்ள கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பெற்று, பெற்று என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாப் பழஞ்சொல்லையும் திரும்ப எடுத்துவர முடியாது. அதே பத்தில் ஆண்டுகள் பெருகட்டும் என்பதற்கு ‘நந்துக’ என்றொரு வினை இருக்கிறது. நந்துதல் என்றால் வளர்தல். நந்துதல் என்றால் கெடுதல் என்றும் அகராதியில் உண்டு. கடைக்காரர் வீட்டில் யாராவது அகராதி பார்க்கிறவராக இருந்துவிட்டால் சரக்கு எடுப்பதையே நிறுத்திவிடுவார்.

தொல்காப்பியச் செய்யுளியலில் புறநிலை வாழ்த்து என்று ஒரு வகை சொல்லியிருக்கிறது. நீ வழிபடும் தெய்வம் உனக்குப் பின்னால் நின்று காக்கட்டும், பழியற்ற செல்வத்தோடு தலைமுறை தலைமுறையாகச் சிறந்து விளங்கு என்பது அதன் சாரம். வாழ்த்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழில் எழுதிவைத்த பழைய விதி இது. கலிப்பாவிலும் வஞ்சிப்பாவிலும் இதைப் பாடக் கூடாது என்றும் தொல்காப்பியர் சேர்த்திருக்கிறார். துள்ளிக் குதிக்கிற ஓசை வாழ்த்துக்கு ஒத்துவராது என்று நினைத்தார்போலும். இன்றைய வாழ்த்து அட்டைகளின் எதுகை மோனையைப் பார்த்தால் அவர் கவலை நியாயமாகத்தான் படுகிறது. எனக்கு இங்கே முக்கியம் அந்த ‘பழியற்ற’. செல்வம் என்று விட்டிருக்கலாம், விடவில்லை. தெய்வத்தைக் காவலுக்கு நிறுத்திய கையோடு, வருகிற பணம் எப்படி வந்தது என்ற கேள்வியையும் வாழ்த்துக்குள் வைத்துவிட்டார்.

விருத்தாசலத்துக்கே உரிய செல்வக் கதை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இங்கிருந்து வாழ்த்து எழுத முடியாது. திருமுதுகுன்றம் என்று தேவாரம் சொல்லும் இந்த ஊரில் சுந்தரர் இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார் என்கிறது பெரியபுராணம். பொன்னை அவர் தூக்கிக்கொண்டு போகவில்லை. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொள் என்பது இறைவன் கட்டளை. மணிமுத்தாறு திருவாரூர்ப் பக்கம் போகிற ஆறே இல்லை. கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதா என்று பரவையார் கேலி செய்ததில் தப்பில்லை.

கதையில் எல்லாரும் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது. ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்பது தட்டார் வழக்கு, மாற்றுப் பார்ப்பதற்கான மாதிரித் துண்டு. குளத்தில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மச்சத்தைவிட மாற்றுக் குறைவாக இருந்தது. அவர் விடவில்லை, மறுபடி பாடி, மாற்று ஒத்துவந்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். தெய்வம் கொடுத்த செல்வத்தையே உரைத்துப் பார்த்து வாங்கியவர் நம் ஊர் வழியாகப் போயிருக்கிறார். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “மாதிரிப் பீஸ் ஒண்ணு எப்பவும் எடுத்து வெச்சுக்கணும்யா. பின்னால சரக்கு சரியில்லன்னு சொல்லுவாங்க” என்றார்.

பழமலைநாதர் கோயில் வன்னி மரத்தைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது கூலியாக வன்னி இலையைக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவில் அது காசாக மாறியதாம். உழைக்காதவர் கையில் இலை இலையாகவே இருந்தது என்று என் பாட்டி சேர்த்துச் சொல்வாள். அந்தப் பகுதி பாட்டியுடையதாகவே இருக்கலாம்.

சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் படிக்கும்போது ராசிக்கு ராசி ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு என்று இரண்டு எண் சொல்வார்கள். ஆதாயத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிற பஞ்சாங்கத்தை நான் பார்த்ததில்லை. ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு எழுதும் முறை நேர்மையானது. வரவோடு செலவையும் அதே மூச்சில் சொல்கிறது. பட்டர் கொடைக்கு அடுத்து நிதியம் வைத்ததும், ஓரம்போகியார் விளைச்சலோடு இரவலரைச் சேர்த்ததும் இதே கணக்குதான். செல்வோம் என்று சொல்லிக்கொண்டு செல்வதால் செல்வம் என்று மேடையில் சொல்வது உண்டு. சொல்லாராய்ச்சியாக அதை நான் ஏற்பதில்லை. ஆனால் சூளை அந்தக் கிண்ணத்தில் எழுதிய ‘செலவம’வைப் பார்த்தால் மேடைப் பேச்சாளர் மகிழ்ந்துபோவார்.

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய முதல் சீட்டு மோசமாக இருந்தது. பழைய வினைகளையெல்லாம் உள்ளே திணித்திருந்தேன். பட்டறைக்காரர் படித்துவிட்டு, “கோயில் கல்வெட்டு மாதிரி இருக்குய்யா” என்றார். அவர் சொன்னது சரி. பொலிக, சிறக்க, ஊறுக என்று கடைக்காரரிடம் பேசுகிறவர் யாரும் இல்லை. வேண்டியது அந்தச் சொற்கள் இல்லை, பொருளுக்கு அதனதன் வினையைக் கொடுக்கும் முறைதான். கடையில் எது என்ன செய்கிறது? ஆள் வருகிறது. சரக்கு நகர்கிறது. பாக்கி நிற்கிறது அல்லது வசூலாகிறது. இவைதான் அந்த உலகத்தின் வினைகள்.

இரண்டாவது சீட்டு இப்படி அமைந்தது:

“சித்திரை முதல் நாள் வணக்கம். இந்த ஆண்டு உங்கள் கடைக்கு ஆள் வரட்டும். சரக்கு உடையாமல் வந்து சேரட்டும், தங்காமல் நகரட்டும். கடன் சொல்லிப் போனவர்கள் சொன்ன தேதியில் திரும்பட்டும்; நாங்கள் உங்களிடம் சொல்ல நினைப்பதும் அதுதான். ஏரியில் தண்ணீர் நிற்கட்டும். வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு வர வேண்டாம். நல்ல காரியம் என்று கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டிய நிலை ஒரு நாளும் உங்களுக்கு வர வேண்டாம்.”

நான்காவது வாக்கியத்தின் பின்பாதியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பாக்கி கேட்பது போல இருக்கிறதே, நல்ல நாளில் எதற்கு? அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது ஒன்றுக்காகத்தான் சீட்டே என்றார். தோழியின் குத்தலுக்கு இடம் உண்டு என்று நானே சொல்லிக்கொடுத்தது திரும்பி வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி வாக்கியம் மட்டும் நீளம் என்று அச்சகத்தில் குறைக்கப் பார்த்தார்கள். அதைத் தொட வேண்டாம் என்று நேரில் போய்ச் சொல்லிவந்தேன். செல்வம் என்ற சொல்லே இல்லாத ஒரு வாழ்த்தில் செல்வத்துக்கு நிகராக இருப்பது அந்த வாக்கியம்தான்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறேழு வாக்கியத்துக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. பதினாறையும் எழுத ஆசைப்படுகிறவர்கள் பதினாறு பேருக்கு ஆளுக்கொன்றாக எழுதலாம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு நோயின்மை. பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கல்வி கலையாமல் இருப்பது. புதிதாகக் கடை திறந்தவருக்குத் துணிவு. யாருக்கு எது வேண்டும் என்று தெரியாதபோதுதான் ‘எல்லா வளமும் நலமும்’ கைக்கு வருகிறது.

புத்தாண்டுக்கு வாழ்த்து எழுதப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. ‘பெற்று’ என்ற வினையை ஒரு வருஷத்துக்கு எழுதாமல் இருந்து பாருங்கள். அது இல்லாமல் வாக்கியம் நிற்கவில்லை என்றால், வாழ்த்தப்படுகிறவர் என்ன தொழில் செய்கிறார், அவர் வீட்டில் எது வர வேண்டும், எது போக வேண்டும் என்று விசாரித்துவிட்டு மறுபடி உட்காருங்கள்.